கடல் நீர் ஏன் லேசான காரம், அது ஏன் மெல்லக் குறைகிறது: அறிவியல் நாள் உரை தயாரிப்பவர்களுக்கான கேள்வி பதில்

ஏழெட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பேசுவது, எதை விடுவது?

இரண்டே இரண்டு விஷயம் பேசுங்கள். கடல் நீரில் கரைந்திருக்கும் நேர்மின் அயனிகள் எதிர்மின் அயனிகளைவிடச் சற்றே அதிகம், அந்தச் சின்ன உபரிதான் கடலைக் காரமாக வைத்திருக்கிறது என்பது ஒன்று. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வந்து கரையும்போது அந்த உபரி மாறுவதில்லை, அதை நிரப்பும் ஆட்கள்தான் மாறுகிறார்கள் என்பது இன்னொன்று. பவளப்பாறை, மீன், புயல் எல்லாவற்றையும் ஒரே உரையில் அடைத்தால் கேட்பவர்களுக்கு எதுவும் தங்காது. வேதியியலை மட்டும் ஒழுங்காகச் சொல்லி, மேடையில் ஒரு சோதனை செய்து காட்டினால் நேரம் சரியாக இருக்கும்.

கடல் நீரின் பிஎச் எவ்வளவு? எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

திறந்த கடலின் மேற்பரப்பில் சராசரியாக 8.1, இப்போது அதற்கும் சற்றுக் கீழே. இடத்துக்கு இடம் மாறும். ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும் கரையோரங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். கடற்புல் அடர்ந்த ஆழமற்ற பகுதிகளில் பகலில் ஏறி இரவில் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க மழைநீரை எடுத்துக்கொள்ளலாம். மாசில்லாத காற்றில் பெய்யும் மழையின் பிஎச் கிட்டத்தட்ட 5.6, அதாவது லேசான அமிலம். காற்றிலுள்ள அதே கார்பன் டை ஆக்சைடைத்தான் மழையும் தொடுகிறது, கடலும் தொடுகிறது. ஆனால் ஒன்று 5.6, மற்றொன்று 8.1. உரையைத் தொடங்க இதைவிட நல்ல புதிர் கிடைக்காது.

உப்பு இருப்பதால்தான் கடல் காரமாக இருக்கிறதா?

இல்லை. சோடியம் குளோரைடு நடுநிலையான உப்பு. சுத்தமான நீரில் எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் அதனால் மட்டும் பிஎச் 8-க்குப் போகாது. உரையில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிலோ கடல் நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சோடியம் சுமார் 469 மில்லிமோல், மக்னீசியம் 52.8, கால்சியம் 10.3, பொட்டாசியம் 10.2 இருக்கின்றன. மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் மின்சுமை இரண்டு என்பதால் அவற்றை இரட்டிப்பாக்கிக் கூட்ட வேண்டும். மிகச் சிறிய அளவில் உள்ள ஸ்ட்ரான்சியத்தையும் சேர்த்தால் மொத்த நேர்மின் சுமை 605.55.

எதிர்ப்பக்கம் குளோரைடு 545.9. சல்பேட் 28.2, அதற்கும் சுமை இரண்டு. புரோமைடும் ஃபுளோரைடும் சேர்ந்து 1-க்கும் குறைவு. மொத்தம் 603.26.

வரவு 605.55, செலவு 603.26. கையில் மிஞ்சுவது 2.29. வரவு செலவு இரண்டும் பெரிய தொகைகள், மிச்சம் சில்லறை. ஆனால் கடலின் குணத்தைத் தீர்மானிப்பது அந்தச் சில்லறைதான்.

எந்த நீரும் மின்சுமையோடு இருக்க முடியாது. எனவே அந்த 2.29-ஐ ஏதாவது எதிர்மின் அயனி நிரப்பியே ஆக வேண்டும். கடலில் அதை நிரப்புபவை முக்கியமாக மூன்று: பைகார்பனேட் 1.72, கார்பனேட் 0.24 (சுமை இரண்டு என்பதால் 0.48), போரேட் 0.10. கூட்டிப் பாருங்கள், 2.30 வரும். கடைசி இலக்க வேறுபாடு எண்களைச் சுருக்கியதால் வந்தது. இவை மூன்றுமே வலுக்குறைந்த அமிலங்களின் அயனிகள், அதாவது ஹைட்ரஜன் அயனி எதிர்ப்பட்டால் பிடித்துக்கொள்ளும் தன்மை கொண்டவை. அதனால்தான் நீரில் சுதந்திரமாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள் குறைந்து, பிஎச் 7-க்கு மேலே நிற்கிறது. மழைநீரில் இந்த உபரி கிட்டத்தட்ட இல்லை. புதிருக்கு விடை அவ்வளவுதான்.

அந்த 2.29 எங்கிருந்து வந்தது?

பாறைகளிலிருந்து. லேசான அமிலமான மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் படும்போது கால்சியம் கரைகிறது, கூடவே பைகார்பனேட்டும் உருவாகிறது:

CaCO₃ + CO₂ + H₂O → Ca²⁺ + 2HCO₃⁻

கருங்கல் போன்ற சிலிக்கேட் பாறைகளிலும் இதே மாதிரி, இன்னும் மெதுவாக, சோடியமும் கால்சியமும் மக்னீசியமும் வெளியேறுகின்றன. ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. குளோரைடும் சல்பேட்டும் பெரும்பாலும் எரிமலை வாயுக்களின் வழி வந்தவை. பாறை தந்த நேர்மின் அயனிகள் எரிமலை தந்த வலிய அமில அயனிகளை ஈடுகட்டிவிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் மிஞ்சின.

ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டுகின்றன. அப்படியானால் கடல் இதற்குள் கடுமையான காரமாகியிருக்க வேண்டாமா?

கொட்டுவது மட்டும் நடந்திருந்தால் ஆகியிருக்கும். ஆனால் சிப்பி, பவளம், ஓடு கட்டும் நுண்ணுயிரிகள் எல்லாம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் ஓடுகள் அடியில் படிந்து புதையும்போது உபரியும் அவற்றோடு போய்விடுகிறது. வரத்தும் வெளியேற்றமும் நீண்ட காலத்தில் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன.

கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் சரியாக என்ன நடக்கிறது?

பாடப்புத்தகம் சொல்வது: அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது, அமிலம் ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. சரிதான், ஆனால் பாதிக் கதை. கடலில் அந்த ஹைட்ரஜன் அயனி நெடுநேரம் தனியாகத் திரிவதில்லை. அதிகமும் ஒரு கார்பனேட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்த விளைவு இப்படி:

CO₂ + H₂O + CO₃²⁻ → 2HCO₃⁻

ஒரு கார்பனேட் செலவாகி இரண்டு பைகார்பனேட் பிறக்கிறது. மேலே போட்ட கணக்கிலேயே இதை ஓட்டிப் பார்க்கலாம். ஒரு கிலோ நீர் 0.05 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்துக்கொண்டு, அது முழுவதும் கார்பனேட்டோடு சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். போரேட்டை அசைக்காமல் விட்டுவிடலாம், எளிமைக்காக. கார்பனேட் 0.24-இலிருந்து 0.19 ஆகிறது. பைகார்பனேட் 1.72-இலிருந்து 1.82 ஆகிறது. இப்போது மின்சுமையைக் கூட்டுங்கள்: 1.82, 0.38, 0.10. மறுபடியும் 2.30. உபரி அசையவே இல்லை.

ஆனால் பிஎச் அசைந்துவிட்டது. பைகார்பனேட்டைக் கார்பனேட்டால் வகுத்தால் வரும் விகிதத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஹைட்ரஜன் அயனியின் செறிவு இருக்கும். முன்பு 1.72 ÷ 0.24, அதாவது 7.2. இப்போது 1.82 ÷ 0.19, அதாவது 9.6. மூன்றில் ஒரு பங்கு உயர்வு. பிஎச் கணக்கில் இது சுமார் 0.13 இறக்கம். கரும்பலகையில் நான்கு வரியில் முடிந்துவிடும் கணக்கு. பத்தாம் வகுப்பு மாணவர்கள் பின்தொடர்ந்துவிடுவார்கள்.

8.2-இலிருந்து 8.1. வெறும் 0.1 குறைந்ததற்கா இவ்வளவு பேச்சு?

பிஎச் மடக்கை அளவுகோல், அதனால் 0.1 என்பது கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது. பிஎச் 8.2 என்றால் ஒரு லிட்டரில் 6.3 நானோமோல் ஹைட்ரஜன் அயனி. 8.1 என்றால் 7.9 நானோமோல். 26 சதவீதம் கூடுதல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 280 பிபிஎம் இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடுவதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கடல் எடுத்துக்கொள்கிறது. அதன் விளைவுதான் இது.

இருந்தாலும் இந்த 26 சதவீதத்தை மேடையில் முழக்கமாக வைப்பது எனக்கு உவப்பில்லை. நானோமோலில் கால்வாசி கூடினால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டால் பேசியவர் திணறுவார். உயிரினங்களைத் தொடும் எண் கார்பனேட்தான். நாம் போட்ட கணக்கில் அது 0.24-இலிருந்து 0.19 ஆனது, ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனது. ஓடு கட்டும் உயிரிக்குத் தேவையான சரக்கு அது. அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

அப்படியே போனால் கடல் ஒருநாள் அமிலமாகிவிடுமா?

ஆகாது. உபரி 2.3 அப்படியே இருக்க, 25 டிகிரி வெப்பத்தில் கணக்குப் போட்டால், பிஎச் 7-ஐத் தொடக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 5,000 பிபிஎம்மைத் தாண்ட வேண்டும். உமிழ்வு மிக அதிகமாக இருக்கும் என்று வைத்துப் போட்ட கணிப்புகளில்கூட இந்த நூற்றாண்டின் இறுதியில் மேற்பரப்புக் கடலின் பிஎச் 7.7, 7.8 அருகில்தான் வருகிறது. எனவே "கடல் அமிலமாகிறது" என்று நேரடியாகச் சொல்லாமல் "கடலின் காரத்தன்மை குறைகிறது, அமிலப் பக்கமாக நகர்கிறது" என்று சொன்னால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது.

சிப்பி ஓட்டை வினிகரில் போட்டு, நுரைப்பதைக் காட்டலாமா? பார்க்க நன்றாக இருக்குமே.

பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு கதை. வினிகரின் பிஎச் 3-க்கும் கீழே. எந்தக் கடலும் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. அதைப் பார்த்த குழந்தை, கடற்கரையில் சிப்பிகள் கரைந்துகொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

உண்மையில் அடி விழுவது ஓடு கட்டத் தொடங்கும் பருவத்தில். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், நெட்டார்ட்ஸ் விரிகுடாவை ஒட்டி விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 2007, 2008 வாக்கில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. முதலில் நோய்க்கிருமி என்றுதான் சந்தேகப்பட்டார்கள். நீரைச் சோதித்தபோது வேறு விஷயம் புலப்பட்டது. காற்று கரையோர நீரை வெளியே தள்ளும் நாட்களில் ஆழத்து நீர் மேலெழுந்து விரிகுடாவுக்குள் வருகிறது. ஆழத்து நீரில் மக்கிய உயிர்ப்பொருள்களின் கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே அதிகம், கார்பனேட் குறைவு. அதன்மேல் மனிதர்கள் சேர்த்ததும் கூடியிருக்கிறது. சிப்பிக் குஞ்சு தன் முதல் ஓட்டைப் பிறந்த இரண்டு நாட்களுக்குள், முட்டையில் வந்த சேமிப்பை வைத்துக் கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்த நீரில் அந்த வேலைக்குக் கூடுதல் சக்தி செலவாகிறது, சேமிப்பு தீர்ந்துவிடுகிறது. ஓடு கரைந்து சாவதல்ல, கட்டி முடிக்க முடியாமல் சாவது.

அவர்கள் கண்ட தீர்வும் நம் கணக்கில் அடங்கும். இரவெல்லாம் கடற்புல் சுவாசித்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டிருக்கும், அதனால் காலை நீர் மோசம். பகலில் ஒளிச்சேர்க்கை அதை உறிஞ்சிவிடும், பிற்பகல் நீர் பரவாயில்லை. எனவே நீர் எடுக்கும் நேரத்தை மாற்றினார்கள். அப்புறம் தொட்டிக்கு வரும் நீரில் சோடியம் கார்பனேட்டைக் கலந்தார்கள், அதாவது உபரியையும் கார்பனேட்டையும் கையால் கூட்டினார்கள். குஞ்சுகள் மறுபடி பிழைக்கத் தொடங்கின.

சரி, மேடையில் என்ன சோதனைதான் செய்வது?

மூன்று கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. முதலாவதில் காய்ச்சி வடித்த நீர். இரண்டாவதில் காய்ச்சி வடித்த நீரோடு 3.5 கிராம் உப்பு. மூன்றாவதில் அதே உப்புநீரோடு 0.02 கிராம் சமையல் சோடா. இந்தச் சோடாதான் 2.3 மில்லிமோல் உபரியின் வேலையைச் செய்யும். 0.02 கிராமைப் பள்ளித் தராசில் நிறுக்க முடியாது, எனவே ஒரு லிட்டர் உப்புநீரில் 0.2 கிராம் கரைத்து அதிலிருந்து 100 மில்லி எடுங்கள். மூன்றிலும் புரோமோதைமால் நீலம் சம அளவு சொட்டுகள். இந்த நிறங்காட்டி 7.6-க்கு மேல் நீலம், 6-க்குக் கீழ் மஞ்சள், நடுவில் பச்சை.

இங்கே ஒரு சிக்கல் வரும். காய்ச்சி வடித்த நீர் காற்றைத் தொட்டிருப்பதால் ஊதுவதற்கு முன்பே மஞ்சளாக நிற்கும். முதல் இரண்டு குவளைகளிலும் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் வந்ததும் நிறுத்துங்கள். ஓரிரு சொட்டே போதும். குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள். அதில் பெரும்பாலும் பைகார்பனேட் ஏற்கெனவே இருக்கும், மூன்று குவளைகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டு உங்களைக் கைவிட்டுவிடும்.

இப்போது ஸ்ட்ரா வழியாக மூன்றிலும் ஒரே அளவு ஊத வேண்டும். ஸ்ட்ராவின் மேற்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிட்டால் யாரும் தவறி உறிஞ்ச முடியாது. முதல் இரண்டும் சட்டென்று மஞ்சளாகும். உப்பு எந்த உதவியும் செய்யவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். மூன்றாவது மெதுவாகப் பச்சைக்கு வரும். அங்கே நிறுத்திவிடுங்கள். மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு. ஊதிக்கொண்டே இருந்தால் மூன்றாவதும் மஞ்சளை நெருங்கிவிடும்.

பலர் இத்தோடு முடித்துவிடுவார்கள், ஆனால் சுவையான பகுதி இனிமேல்தான். ஒவ்வொரு நீரையும் வேறொரு வெற்றுக் குவளைக்கும் பழைய குவளைக்குமாக மாற்றி மாற்றி ஊற்றுங்கள், காற்றுப் படட்டும். சில நிமிடங்களில் மூன்றாவது நீலத்துக்குத் திரும்பும். கூடுதல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டது, உபரி அங்கேயே இருக்கிறது. முதல் இரண்டும் பழைய நீலத்துக்கு வருவதில்லை. முன்னாளே ஒருமுறை செய்து பார்த்து, எத்தனை மூச்சு ஊதுவது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான கடல் நீர் ஒரு பாட்டில் கிடைத்தால், பிஎச் மீட்டரில் அளந்து குறைந்திருப்பதைக் காட்டலாமா?

காரம் என்பதைக் காட்டலாம், குறைந்திருப்பதைக் காட்ட முடியாது. சாதாரண கைமீட்டரின் பிழையே 0.1 அளவுக்கு இருக்கும், அது இருநூறு ஆண்டு மாற்றத்துக்குச் சமம். போதாக்குறைக்கு 4, 7, 10 என்று விற்கும் சீரமைப்புக் கரைசல்களில் உப்பு மிகக் குறைவு. அவற்றில் சரிசெய்த கண்ணாடி மின்முனை, உப்பு மிகுந்த கடல் நீரில் சற்றுத் தவறிய எண்ணைத்தான் காட்டும். பிஎச் தாளைப் பற்றிப் பேச வேண்டாம். நீரை நாள்கணக்கில் பாட்டிலில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் சுவாசித்துப் பிஎச்சை இறக்கிவிடும், அதைப் பார்த்து "ஆகா, குறைகிறது" என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் விஞ்ஞானிகளுக்கு எப்படித் தெரிந்தது?

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் அளந்ததால். ஹவாய்த் தீவுகளுக்கு வடக்கே அலோஹா என்ற நிலையத்தில் 1988 முதல், ஏறக்குறைய மாதம் ஒருமுறை, கப்பலில் போய் நீர் எடுக்கிறார்கள். கண்ணாடி மின்முனையை மட்டும் நம்பாமல், மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்ற சாயத்தை நீரில் கலந்து, அது எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமாலைமானியில் பார்க்கிறார்கள். இந்த முறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிஎச் வேறுபாடுகூடத் தெரியும். அங்கே கிடைத்த சரிவு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 0.002. பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் அலைகளுக்குள் அந்தச் சரிவு மறைந்திருப்பதால், இரண்டு மூன்று ஆண்டுத் தரவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல பத்தாண்டுகள் தொடர்ந்தபோது கோடு தெளிவாகத் தெரிந்தது.

பாறை கரைந்துதானே உபரி வருகிறது? கடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாதா?

செய்துகொள்ளும், ஆனால் அதன் அவசரம் வேறு. மேற்பரப்பு நீர் ஆழத்தோடு முழுவதும் கலக்கவே ஆயிரம் ஆண்டு அளவில் ஆகும். கடலடியில் கிடக்கும் சுண்ணாம்புப் படிவங்கள் கரைந்து ஈடுகட்டப் பல்லாயிரம் ஆண்டுகள், பாறைச் சிதைவு வேலையை முடிக்க லட்சக்கணக்கில். நாம் சேர்ப்பது இருநூறு ஆண்டுக்குள்.

எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான்: லாரி லாரியாகச் சமையல் சோடாவைக் கடலில் கொட்டினால் முடிந்ததே?

நல்ல கேள்வி, அவனையே மேடையில் கேட்கச் சொல்லுங்கள். சமையல் சோடா உதவாது. அது பைகார்பனேட். உபரியைக் கூட்டும்போதே அதே அளவு கார்பனையும் கூட்டிவிடுவதால் பிஎச் அதிகம் நகராது. பொரிப்பகத்தில் போட்டது சோடியம் கார்பனேட். கடலுக்கென்றால் சுண்ணாம்பு இன்னும் வலுவானது. ஆனால் அளவைப் பாருங்கள். கடல் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட, மேலே போட்ட மாதிரியான கணக்கில், ஆண்டுக்கு 800 கோடி டன் போல நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் தயாராகும் சிமெண்டைப் போல இரண்டு மடங்கு அது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டுத்தான் அதைத் தயாரிக்க வேண்டும், சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும், சூளை எரிபொருளின் புகை தனி. அதைப் பிடித்துப் பூமிக்கடியில் அடைக்காவிட்டால், கடலுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதியைக் காற்று வழியாகத் திரும்ப எடுத்துக்கொண்டதாகிவிடும்.